பதினோராவது வரைவு

வணக்கம் சார். ஒரு சிறுகதையைப் பதினொரு முறை திருத்தி எழுதிவிட்டேன். நண்பர்கள் மூன்று பேர் சொன்ன திருத்தங்களையும் சேர்த்துக்கொண்டேன். இப்போது பிழை என்று எதுவும் இல்லை, ஆனால் வேறு யாரோ எழுதியதுபோல இருக்கிறது. முதல் வரைவையும் கடைசி வரைவையும் அனுப்பியிருக்கிறேன். எங்கே தவறினேன்? நீங்கள் பதில் எழுதினால், அவற்றிலிருந்து எடுத்துக்காட்டலாம்.
— ம.

அன்புள்ள ம.,

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதல் பத்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், விஷயம் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தீர்கள்: "அப்பா கடையைச் சாத்தியது ஒரு வெள்ளிக்கிழமை. சாவியை என்னிடம்தான் கொடுத்தார், அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், அவனிடம் கொடுக்கவில்லை."

பதினோராவதில்: "ஒரு வெள்ளிக்கிழமையன்று அப்பா தன் கடையை மூடினார். அண்ணன் அருகில் நின்றிருந்தபோதிலும், சாவியை என்னிடம் ஒப்படைத்தார்."

இரண்டாவதில் இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் கதையைச் சொல்கிற அந்தப் பையன் போய்விட்டான். 'என்னிடம்தான்' என்பதில் இருந்த 'தான்' போனது, 'பக்கத்திலேயே' என்பதில் இருந்த 'ஏ' போனது. நம் மொழியில் பேசுகிறவரின் மனம் பெரும்பாலும் இந்தச் சின்ன ஒட்டுகளில்தான் உட்கார்ந்திருக்கும், திருத்தும்போது முதலில் உதிர்வதும் அவையே. 'அவனிடம் கொடுக்கவில்லை' என்பதை, சொன்னதையே திரும்பச் சொல்வதாக நினைத்து ஒரு நண்பர் வெட்டச் சொல்லியிருப்பார். தகவலாகப் பார்த்தால் அது சரி. ஆனால் பையனால் இன்னும் நம்ப முடியவில்லை என்பது அந்த மூன்றாவது துண்டில்தான் இருந்தது. அப்புறம் 'சாத்தியது'. கடையைத் தினமும் ராத்திரி சாத்துவார்கள். அந்த அன்றாடச் சொல்லையே கடைசி நாளுக்கும் அவன் போட்டதில் ஒரு துக்கம் இருக்கிறது, 'மூடினார்' என்றதும் அது செய்தியாகிவிட்டது. 'போதிலும்' எந்தப் பையன் வாயிலும் வராது.

நீங்கள் தவறியது ஒரே இடத்தில் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு திருத்தமும் நியாயம்தான், பதினொன்றும் சேர்ந்தபோதுதான் ஆள் மாறிவிட்டது.

அதற்காகப் பதினோராவதைத் தூக்கிப் போடாதீர்கள். கடை ஏன் போனது என்று முதல் வரைவில் இல்லவே இல்லை, அதைக் கேட்ட நண்பர் உங்களுக்கு உதவிதான் செய்திருக்கிறார். ஆனால் பதிலாக 'பொருளாதார நெருக்கடியின் காரணமாக' என்று சேர்த்திருக்கிறீர்கள். பையனுக்குத் தெரிந்தது என்ன? மொத்தக் கடைக்காரர் இனிமேல் கடனுக்குச் சரக்கு தர முடியாது என்று சொன்னதை அவன் கேட்டிருப்பான். அதை எழுதுங்கள், போதும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். கடைசி வரைவை அச்செடுத்து, முதல் வரைவிலிருந்து மாறிய ஒவ்வொரு இடத்திலும் ஏன் மாற்றினேன் என்று பென்சிலால் ஒரே சொல்லில் குறிப்பேன்: தகவல், குழப்பம், ருசி. தகவல் தவறாக இருந்து மாற்றியதும், வாசகர் குழம்பியதால் மாற்றியதும் இருக்கட்டும். யாரோ ஒருவர் காதுக்கு நன்றாக இல்லை என்பதற்காக மாற்றியது 'ருசி', அதெல்லாம் பழையபடி திரும்பும். அப்புறம் இரண்டு பிரதியையும் மூடி வைத்துவிட்டு, அந்தப் பத்தியை எதையும் பார்க்காமல் கையால் ஒரு முறை எழுதுவேன். தகவல் ஞாபகத்தில் நின்றிருக்கும், வாக்கியம் நம்முடையதாக வரும். அதற்குப் பிறகுதான் ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒற்றுப்பிழை பார்ப்பதை ஆகக் கடைசிக்குத் தள்ளுங்கள். எழுதும்போதே க், ச், த், ப் தேட ஆரம்பித்தால் கை தானாக மேடைத் தமிழுக்குப் போய்விடுகிறது, எனக்கு அப்படித்தான் ஆகிறது.

முதல் வரைவில் இருப்பதெல்லாம் உங்கள் குரல் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் பக்கத்தில் 'என்னவோ' நான்கு முறை வருகிறது. மூன்றை எடுத்துவிட்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், எதுவும் குறையவில்லை, ஆகவே அது வெறும் பழக்கம். 'தான்' ஒன்றை எடுத்தபோது அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே இருந்த ஏதோ ஒன்று காணாமல் போனது. இப்படி எடுத்துப் பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

அடுத்த முறை நண்பர்களிடம் கொடுக்கும்போது, 'எங்கே புரியவில்லை' என்று மட்டும் கேளுங்கள். எப்படி எழுதலாம் என்று கேட்டால், அன்பினால் அவர்கள் தங்கள் வாக்கியத்தைத் தந்துவிடுவார்கள்.

இரண்டாம் பக்கத்தில் அண்ணன் சாவியைக் கேட்கிற இடம் மட்டும் இரண்டு வரைவிலும் ஒரே மாதிரி இருக்கிறது, எப்படியோ யாரும் கை வைக்கவில்லை. மற்றப் பத்திகளை எழுத உட்காரும் முன் அதை ஒரு முறை சத்தமாகப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.