காவடி உச்சியும் காலும் வெட்டுப்படாமல் 10×15 தாளில் படம் போடுவது

கேள்வி: தைப்பூசக் காவடிக்கு போனில் எடுத்த படங்களை 10×15 அளவில் பிரிண்ட் போட்டால் மேலேயும் கீழேயும் வெட்டுப்பட்டு வருகிறது. முழுப் படமும் வர என்ன செய்வது? ஓரத்தில் பார்டர் விட்டால் எந்த நிறம் விடலாம்?

பதில்:

நானும் இதில் அடிபட்டவன்தான். எங்கள் வீடு மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில், தம்பி காத்ர் போர்ன் மலைக்கோயிலுக்குக் காவடி எடுத்தான், நாற்பது படம் பிரிண்ட் போட்டு அத்தையிடம் கொடுத்தேன். குடும்பத்தோடு நிற்கிற படத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வேல் எங்கடா?" காவடி உச்சியில் இருந்த வேலும் போச்சு, அவன் போட்டிருந்த ஆணிச்செருப்பும் போச்சு.

கடைக்காரர் மேல் தப்பு இல்லை. போன் கேமரா படம் பெரும்பாலும் 4:3, அதாவது 4000×3000 புள்ளி. தாளோ 3:2. கடையில் 10×15 என்று சொன்னாலும் அது உண்மையில் 10.2×15.2 செ.மீ., 4×6 அங்குலம். ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 1800×1200. உங்கள் படத்தை 1800 அகலத்துக்கு நிரப்பினால் உயரம் 1350 ஆகிவிடும், தாளில் இருப்பது 1200தான், மிச்சம் 150 புள்ளி மேலேயும் கீழேயுமாக வெட்டப்படும். உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆளை உச்சி முதல் கால் வரை சட்டத்தில் இறுக்கமாக வைத்து எடுத்திருந்தால் சரியாக அந்த வேலும் செருப்பும்தான் அதில் மாட்டும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தில் இதே வெட்டு இரண்டு பக்கவாட்டிலும் விழும்.

சரி, நிரப்பாமல் உள்ளே அடக்கினால்? உயரம் 1200, அகலம் 1600, இரண்டு பக்கமும் 100 புள்ளி வெள்ளை, அதாவது எட்டரை மில்லிமீட்டர். கணக்குக்குச் சரி, நானும் முதலில் இப்படித்தான் செய்தேன், ஆனாலும் வேலின் நுனி மறுபடியும் கொஞ்சம் காணோம். காரணம், ஓரம் விடாமல் அச்சடிக்கும் இயந்திரம் தாளின் விளிம்பில் வெள்ளைக் கோடு விழக்கூடாது என்று படத்தைத் தாளைவிடக் கொஞ்சம் பெரிதாக்கித்தான் அடிக்கும். பக்கத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தாளுக்கு வெளியே போய்விடும். அதுவும் நான்கு பக்கமும் ஒரே அளவில் போகாது. அதனால்தான் மெல்லிசாக பார்டர் வைத்தால் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் நூல் மாதிரியும் வந்து கண்ணை உறுத்தும்.

ஆகவே பார்டரை நான்கு பக்கமும் விடுங்கள், குறைந்தது 5 மி.மீ., அதாவது 60 புள்ளி. 1800×1200 தாளில் சுற்றி 60 போனால் நடுவில் 1680×1080 பெட்டி கிடைக்கும், எந்தப் படமாக இருந்தாலும் அந்தப் பெட்டிக்குள் அடங்கும் வரை சுருக்கி, மிச்ச இடத்தை வெள்ளையாக விட்டுவிடுங்கள். உங்கள் 4:3 படம் 1440×1080 ஆக உட்காரும், மேலும் கீழும் 5 மி.மீ., பக்கவாட்டில் 15 மி.மீ. மச்சான் பெரிய கேமராவில் எடுத்த 3:2 படம் 1620×1080 ஆகும். வீடியோவிலிருந்து எடுத்த 16:9 படம் 1680×945. எல்லாம் ஒரே ஆல்பத்தில் ஒரே அளவுத் தாளில், எதுவும் வெட்டுப்படாமல்.

கணினியில் ImageMagick என்ற படம் மாற்றும் மென்பொருள் இருந்தால் ஒரு கட்டளை வரி போதும்:

```
magick kavadi.jpg -auto-orient -resize 1680x1080 -background white -gravity center -extent 1800x1200 -density 300 -units PixelsPerInch -quality 95 print.jpg
```

நிமிர்ந்த படத்துக்கு இரண்டு அளவையும் திருப்பிப் போடுங்கள், `1080x1680`, `1200x1800` என்று. `-auto-orient` விட்டுவிடாதீர்கள். நிமிர்த்தி எடுத்த படத்தையும் சில போன்கள் படுத்த வாக்கில் சேமித்து, "இதைத் திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பு மட்டும் வைக்கும். குறிப்பைப் பார்க்காமல் பார்டர் போட்டால் அளவு தலைகீழாகிவிடும். கணினி இல்லையென்றால் போனில் பின்னணி சேர்க்கிற ஏதாவது ஒரு ஆப் போதும், 3:2 என்று தேர்ந்தெடுத்து, படத்தை விரலால் கொஞ்சம் சுருக்கி நடுவில் வையுங்கள். சேமித்த பிறகு அளவைப் பாருங்கள், சில ஆப் 1080 புள்ளி அகலத்துக்குக் குறைத்துவிடும், அது இந்தத் தாளுக்குப் போதாது.

நிறத்துக்கு வருகிறேன். வெள்ளை, என் ஓட்டு அதற்குத்தான். தாளின் சொந்த நிறமே வெள்ளை என்பதால் அதில் எந்தச் சாயமும் விழுவதில்லை, பக்கத்துக்குப் பக்கம் மாறாது. சாம்பல் திரையில் அழகாக இருக்கும், ஆனால் அச்சில் லேசாகப் பச்சையோ ரோஸோ அடித்தால் முதலில் காட்டிக்கொடுப்பது சாம்பல்தான். கறுப்போ, பட்டுச்சேலைப் படங்களுக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் விளிம்பில் விரல் ரேகை படியும். படத்தையே மங்கலாக்கிப் பின்னால் விரிக்கிற அந்த ஆப் வித்தை எனக்குப் பிடிக்காது, மஞ்சள் வேட்டிக் கூட்டத்துக்குப் பின்னால் மஞ்சள் மூட்டம் வந்தால் கண் எங்கே நிற்கும்?

வெள்ளையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜனவரி வெயிலில் எடுத்த படத்தில் வானம் வெளுத்துப் போயிருந்தால் படம் எங்கே முடிகிறது, பார்டர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அப்போது `-resize` அளவுக்கு அடுத்து இதைச் சேர்த்தால் படத்தைச் சுற்றி மயிரிழைச் சாம்பல் கோடு வரும்:

```
-bordercolor "#BBBBBB" -border 2
```

கடைக்குப் போகும்போது இரண்டு விஷயம். கடை இயந்திரத்தில் தானாக வெளிச்சம் திருத்தும் வசதி இருந்தால் அணைக்கச் சொல்லுங்கள், இவ்வளவு வெள்ளையைப் பார்த்து "படம் வெளுத்திருக்கிறது" என்று நினைத்து முகத்தையெல்லாம் கறுப்பாக்கிவிடும் (கறுப்பு பார்டருக்கு இதற்கு நேர் எதிர்). அப்புறம், பார்டரைப் பார்த்ததும் சிலர் நல்லெண்ணத்தில் அதை வெட்டிவிட்டு மறுபடி நிரப்பி அடிப்பார்கள், அதனால் நான் கவுண்டரில் க்ரியோலில் "பா கூப் ஃபோட்டோ-லா", அதாவது படத்தை வெட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் பென்டிரைவைக் கொடுப்பேன்.

நாற்பதையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் முதலில் ஒன்றே ஒன்று அடித்துப் பார்த்து, ஸ்கேல் வைத்து நான்கு பார்டரையும் அளந்துகொள்ளுங்கள். 5 மி.மீ. வைத்த இடம் 3 ஆகவும் எதிர்ப்பக்கம் 4 ஆகவும் இருந்தால் அது இயந்திரம் தின்ற அளவு, கவலையில்லை. மேலும் கீழும் பார்டரே இல்லாமல் வந்தால் யாரோ நிரப்பி அடித்திருக்கிறார்கள், திருப்பிக் கொடுங்கள். ஃபிரேம் போடப்போகிற படத்துக்கு மட்டும் பார்டரை 10 மி.மீ. ஆக்குங்கள், ஃபிரேமின் உதடு சில மில்லிமீட்டரை மூடிக்கொள்ளும், 5 வைத்தால் உள்ளே எதுவும் மிஞ்சாது. மேலே உள்ள வரியில் `1680x1080` என்பதை `1560x960` என்று மாற்றினால் போதும். அத்தை வீட்டுச் சாமி அறையில் தொங்குவது அந்த அளவில்தான், வேலோடு.