எந்த நாளிலிருந்து எண்ணுவது?

அன்புள்ள ஐயா,

தரமணியில் ஒரு நிறுவனத்தின் இறுதிச் சுற்று நேர்காணல் இம்மாதம் 8ஆம் தேதி வியாழக்கிழமை முடிந்தது. "ஒரு வாரத்தில் சொல்கிறோம்" என்றார் மனிதவள அதிகாரி. இன்று 15, பொங்கல். எந்தச் செய்தியும் இல்லை. எத்தனை நாள் காத்திருந்து கேட்பது முறை? கேட்டால் தவிப்பு வெளியே தெரிந்துவிடாதா? குழுவிலிருந்த மேலாளருக்கு நேரடியாக எழுதலாமா?

வாசகர், வேளச்சேரி

அன்புள்ள தம்பி,

மேலாளருக்கு எழுத வேண்டாம்; உங்களை அழைத்த மனிதவள அதிகாரிக்கே, நேர்காணலுக்கு அழைத்த அதே மின்னஞ்சலின் பதிலாக எழுதுங்கள். தவிப்பைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, வேலை கேட்டுப் போனவருக்கு அது இருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

உங்கள் பிழை வேறு. நேர்காணல் நடந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள். அவர்கள் சொன்ன கெடு முடியும் நாளிலிருந்து எண்ண வேண்டும், அதுவும் வேலை நாள்களாக. ஒரு வாரம் என்றால் ஐந்து வேலை நாள்கள். 9, 12, 13, 14 ஆகிய நான்கு போக, பொங்கல் விடுமுறையும் வார இறுதியும் தாண்டி 19ஆம் தேதிதான் ஐந்தாவது. அதன்மேல் இரண்டு நாள் விட்டு, 21ஆம் தேதி புதன்கிழமை காலை எழுதுங்கள். கெடு எதுவும் சொல்லப்படாதிருந்தால் ஏழு வேலை நாள் காத்திருக்கச் சொல்வேன். அறையை விட்டு எழும்போதே "எந்தத் தேதிக்குள் எதிர்பார்க்கலாம்?" என்று கேட்டிருந்தால் இந்தக் கணக்கே வேண்டியிருக்காது. அதைக் கேட்காமல் வந்துவிட்டு நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டிருப்பவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு, ஏனெனில் நானும் அவர்களில் ஒருவன்.

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் இறுதிச் சுற்றுக்குப் பின், ரோஷத்தில் ஒரு மாதம் வாய் திறக்காமல் இருந்தேன். முதலிடத்தில் இருந்தவர் சம்பளப் பேச்சில் நின்றுவிட்டாராம். இரண்டாமிடம் எனது, ஆனால் அந்த வாரம் விசாரித்து எழுதியிருந்த மூன்றாமவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பிற்பாடு ஆள் எடுக்கும் மேசையின் மறுபுறம் உட்கார்ந்தபோதுதான் அந்த மௌனம் புரிந்தது. குழுவின் கருத்துகள் வந்து சேர்ந்து, சம்பளத்துக்கு மேலிட ஒப்புதல் கிடைத்து, முதலாமவருக்குக் கடிதம் போய், அவர் பதில் சொல்லும்வரை இரண்டாமவரை நிராகரிக்கவும் மாட்டார்கள், அழைக்கவும் மாட்டார்கள். இரண்டாம் நாளில் கேட்டால் அந்த அதிகாரியிடமே விடை இருக்காது.

வேறு நிறுவனம் உங்களுக்குப் பணி ஆணை தந்து, பதிலுக்குத் தேதியும் குறித்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கை மறந்து, அத்தேதியைச் சொல்லி உடனே எழுதலாம். பொய்யாகச் சொல்லாதீர்கள், "சரி, அங்கேயே சேருங்கள்" என்று பதில் வரும்.

கடிதத்தில் பதவியின் பெயர், நேர்காணல் தேதி, முடிவு எப்போது தெரியும் என்ற கேள்வி, இந்த மூன்று போதும். பதில் வராவிட்டால் மேலும் ஐந்து வேலை நாள் விடுங்கள். 26 திங்கள் குடியரசு நாள் என்பதால் அது 29ஆம் தேதி ஆகும். அன்று இன்னொரு முறை எழுதுங்கள், அதற்குமேல் எழுத வேண்டாம்.