சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பணம்: ரேட், கட்டணம், நேரம்

பணம் அனுப்பும் நிறுவனங்களை ஒப்பிடும் பட்டியலில் "கட்டணம் இல்லை" என்று போட்டிருக்கும் நிறுவனத்தில்தான் மாதாமாதம் பணம் போடுகிறேன். லாபம்தானே?

எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கட்டணம் வாங்காதவர்கள் பெரும்பாலும் ரேட்டில் எடுத்துக்கொள்வார்கள். கணக்குக்காக, சந்தை ரேட் வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

| | ரேட் | கட்டணம் | 300 வெள்ளி | 1,000 வெள்ளி |
|---|---|---|---|---|
| முதல் நிறுவனம் | 64.20 | இல்லை | ரூ.19,260 | ரூ.64,200 |
| இரண்டாவது | 64.80 | 5 வெள்ளி | ரூ.19,116 | ரூ.64,476 |

கையில் இருக்கும் பணத்திலிருந்தே கட்டணத்தைக் கழித்து, மீதியை ரேட்டால் பெருக்கியிருக்கிறேன். 300 அனுப்பினால் முதல் நிறுவனம் நல்லது. 1,000 என்றால் இரண்டாவதில் 276 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். 540 வெள்ளியில் இரண்டும் சமம். "கட்டணமில்லா" நிறுவனத்தில் 1,000 வெள்ளி அனுப்புபவர் சந்தை ரேட்டோடு பார்த்தால் 800 ரூபாயை, அதாவது 12 வெள்ளிக்கு மேல், விட்டுக்கொடுக்கிறார். அதனால் பட்டியலில் கடைசியாகக் கைக்கு வரும் ரூபாயை மட்டும் பாருங்கள், அதுவும் நீங்கள் அனுப்பப்போகும் தொகையைப் போட்டு. அப்புறம், அந்த ரேட் புது வாடிக்கையாளருக்கு முதல் முறை மட்டும் தரும் சலுகையா என்றும் பார்த்துவிடுங்கள். இரண்டாம் மாதம் அது இருக்காது.

"சில நிமிடங்களில்" சேரும் என்று பட்டியலில் இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு அனுப்பியது திங்கள்தான் வந்தது. இந்திய வங்கி விடுமுறையா?

பெரும்பாலும் இல்லை. ஊர் வங்கிக் கணக்கில் உடனே பணம் சேர்க்கும் ஐஎம்பிஎஸ் விடுமுறை நாளிலும் ஓடும். நெஃப்ட்டும் 2019 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் நடக்கிறது. தாமதம் பொதுவாகச் சிங்கப்பூர்ப் பக்கம்தான். உங்கள் பணம் நிறுவனத்தின் கையில் சேர்ந்த பிறகுதான் அந்த "சில நிமிடங்கள்" தொடங்கும். பேநவ் வழியாகக் கட்டினால் உடனே சேரும். முதல் முறை அனுப்புபவர் என்றாலோ, வழக்கத்தைவிடப் பெரிய தொகை என்றாலோ, அடையாளச் சரிபார்ப்புக்காக நிறுத்தி வைப்பார்கள். ஆப்பில் நிலை "சரிபார்ப்பில்" என்றே நின்றால் ஊருக்குப் போன் போட்டுப் பயனில்லை. அனுப்பிய நிறுவனத்தைக் கேளுங்கள்.

வங்கியிலிருந்து வங்கிக்கு ஸ்விஃப்டில் அனுப்பினேன். சொன்னதைவிடக் குறைவாக வந்தது ஏன்?

வெள்ளியாகவே அனுப்பியிருப்பீர்கள். அப்படிப் போகும் பணத்தில் இடையில் இருக்கும் வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஊர் வங்கி தன்னுடைய ரேட்டில் ரூபாயாக மாற்றி, அந்த மாற்றத்துக்கு ஜிஎஸ்டியும் கழிக்கும். இவை பட்டியலில் தெரியாது. சேரவேண்டிய ரூபாயை முன்கூட்டியே உறுதி செய்யும் வழியில் அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை.

அம்மாவிடம் யுபிஐ இருக்கிறது. அதற்கே அனுப்ப முடியுமா?

முடியும். 2023 பிப்ரவரியில் பேநவ்–யுபிஐ இணைப்பு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் அதில் சேர்ந்த வங்கியாக இருக்கவேண்டும். தொடங்கியபோது நாளுக்கு 1,000 வெள்ளிதான் உச்சம். சிறு தொகைக்கு வசதி. ஆனால் ரேட்டை இதிலும் பார்த்தே அனுப்புங்கள்.