ஒரு பார்வைக்கு ஒரு காசா, முழுப் பார்வைக்கு இருபது காசா?

"தீபாவளிப் பலகார விளம்பரம், ஃபேஸ்புக்கில் 40 விநாடிக் காணொளி, இரண்டு வகை, தலா 30 வெள்ளி. முதலாவதுக்கு 3000 பார்வை, முழுசாப் பார்த்தவை 60. இரண்டாவதுக்கு 1500, முழுசா 150. எதை நிறுத்தலாம்?"

முதலாவதை நிறுத்துங்கள். பார்வைக்கு ஒரு காசுதான் என்றாலும், அங்கே கொஞ்சம் ஓடினாலே ஒரு பார்வை. முழுப் பார்வைக்குக் கணக்குப் போட்டால் 30 வெள்ளியை 60ஆல் வகுக்க 50 காசு. இரண்டாவதுக்கு 20 காசு. முதலாவதின் தொடக்கம் கட்டைவிரலை நிறுத்துகிறது, ஆளை நிறுத்தவில்லை.

விளம்பர அறிக்கையில் வரும் ThruPlay எண்ணை முழுப் பார்வை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 15 விநாடிக்கு மேல் நீளமான காணொளியில் 15 விநாடி ஓடினாலே அது கணக்கில் ஏறிவிடும். Video plays at 100% என்ற பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். அதிலும், நடுவில் தாவி முடிவுக்குப் போனவர்கள் சேர்ந்தே வருவார்கள்.

இன்னொன்று, உங்கள் வாட்ஸ்அப் எண் எந்த விநாடியில் வருகிறது? 18ஆவது விநாடியிலேயே வந்துவிட்டால் கடைசி வரை பார்த்தவர்களுக்காகக் காசு கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. Video plays at 50% எண்ணால் செலவை வகுத்தால் போதும். கடைசி 5 விநாடியில்தான் வருகிறதென்றால், எண்ணை முன்னால் கொண்டுவருவதே மலிவான வழி.

15 விநாடிக்கு வெட்டி ஓட்டினால் முழுப் பார்வை விலை தானாகவே இறங்கும். அதை இந்த 20 காசோடு ஒப்பிடாதீர்கள், நீளம் வேறு.