யூடியூப் தேதியும் ஷீட் தேதியும் ஏன் ஒத்துப்போவதில்லை: கேள்வி-பதில்

ஜூன் 5 காலை 10 மணிக்கு வீடியோ வெளியிட்டேன். அனலிட்டிக்ஸில் ஜூன் 4-ஆம் தேதியிலேயே 900 வியூஸ் காட்டுகிறது. எப்படி?

கணக்கு சரிதான். யூடியூப் தினசரி எண்களை அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி, அங்கே நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கூட்டுகிறது. உங்கள் கடிகாரம் உலகப் பொது நேரமான யூடிசியை விட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதாகக் கொள்வோம். ஜூனில் பசிபிக் நேரம் யூடிசிக்கு 7 மணி நேரம் பின்னால் இருக்கும். ஆக இடைவெளி பன்னிரண்டரை மணி நேரம். யூடியூபின் ‘ஜூன் 4’ உங்களுக்கு ஜூன் 4 பகல் 12:30-க்குத் தொடங்கி ஜூன் 5 பகல் 12:30-க்கு முடிகிறது. வெளியிட்ட முதல் இரண்டரை மணி நேரத்து வியூஸ் முழுக்க அந்த நாளில் போய் விழுந்திருக்கிறது.

அப்படியானால் தினசரி எண்ணை மணி விகிதத்தில் பிரித்து என் தேதிகளுக்கு மாற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம். மேலே உள்ள 900-ஐயே பிரித்துப் பாருங்கள். அந்த 24 மணி நேரத்தில் உங்கள் ஜூன் 4-க்குள் வருவது பதினொன்றரை மணி நேரம். விகிதப்படி சுமார் 431 வியூஸ் ஜூன் 4-க்குச் சேரும். அன்று அந்த வீடியோவே இல்லை! பார்வைகள் நாள் முழுக்கச் சீராக வருவதில்லை என்பதால் பழைய வீடியோக்களிலும் இதே பிழை நடக்கும். அங்கே கண்ணில் படாது, அவ்வளவுதான். எல்லாத் தேதிகளையும் ஒரு நாள் தள்ளிப் போட்டாலும் தீராது. இடைவெளி முழு நாள் அல்ல, ஏறக்குறைய அரை நாள்.

ஏற்கெனவே கூட்டி வைத்த எண்ணைத் திரும்பப் பிரிக்க முடியாது. நிமிடம் வரை நேரம் தெரிந்த பதிவுகள் உங்கள் பக்கம்தான் இருக்கின்றன: வெளியிட்ட நேரம், விளம்பரம் தொடங்கிய நேரம், விற்பனைப் பதிவு. எனவே அவற்றை யூடியூபின் நாளுக்கு மாற்றுங்கள்.

கூகுள் ஷீட்டில் அதை எப்படிச் செய்வது?

உங்கள் நேரத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் யூடியூபின் நாளுக்காக ‘தள நாள்’ என்று ஒரு பத்தி சேருங்கள். பசிபிக் பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே வைப்பார்கள். அதனால் இடைவெளி கோடையில் 12:30, குளிர்காலத்தில் 13:30. இந்த மாற்றங்களை ஒரு சிறு அட்டவணையில் எழுதுங்கள். `F` பத்தியில் மாற்றம் நடக்கும் தருணம் உங்கள் நேரப்படி, `G` பத்தியில் அப்போதிலிருந்து கழிக்க வேண்டிய இடைவெளி:

```
F2: 2025-11-02 14:30    G2: 13:30
F3: 2026-03-08 15:30    G3: 12:30
F4: 2026-11-01 14:30    G4: 13:30
```

உங்கள் நேரம் `A2`-வில் இருந்தால், ‘தள நாள்’ பத்தியில்:

```
=INT(A2-VLOOKUP(A2,$F$2:$G$4,2,TRUE))
```

விடை ஐந்து இலக்க எண்ணாக வந்தால் அந்தப் பத்தியைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். `F` ஏறுவரிசையில் இல்லாவிட்டால் இந்தச் சூத்திரம் பிழை காட்டாமலே தவறான இடைவெளியை எடுக்கக்கூடும். `F2`-க்கு முந்தைய நேரத்துக்கு `#N/A` வரும். பழைய தரவு இருந்தால் மேலே ஒரு வரி சேர்க்க வேண்டும். சோதிக்க 2026-06-05 10:00 என்று கொடுங்கள். ஜூன் 4 வர வேண்டும். 12:30 என்று கொடுத்தால் ஜூன் 5.

2026 மார்ச் 8-இன் எண் மற்ற ஞாயிறுகளை விடக் குறைவாக இருக்கிறதே?

அந்த நாளுக்கு 23 மணி நேரம்தான். நவம்பர் 1-க்கு 25. இந்த இரண்டு தேதிகளையும் ஷீட்டில் குறித்து வையுங்கள், வார ஒப்பீட்டில் தனியாகப் பாருங்கள்.

ஷீட்டின் நேர மண்டலத்தை அமைப்புகளில் மாற்றினேன். எண்கள் மாறவே இல்லை.

மாறாது. கூகுள் ஷீட்ஸில் அந்த அமைப்பு `NOW()`, `TODAY()` போன்றவற்றைத்தான் பாதிக்கும். தட்டச்சு செய்த, ஒட்டிய தேதிகள் அப்படியே நிற்கும்.

வித்தியாசத்துக்கு நேர மண்டலம்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

இரண்டு பக்கமும் 28 நாள் மொத்தத்தை எடுங்கள். நேர மண்டலம் மட்டுமே காரணமென்றால் இடையில் உள்ள நாட்கள் ஒன்றுக்கொன்று ஈடாகி, முதல் நாளின் ஓரமும் கடைசி நாளின் ஓரமும்தான் மிஞ்சும். தினமும் ஒரே பக்கத்தின் எண் குறைவாகவே இருந்து, மொத்தத்திலும் அந்தக் குறை நின்றால் காரணம் வேறு. அப்போது இரண்டு பக்கமும் ஒரே பொருளைத்தான் எண்ணுகின்றனவா என்று முதலில் பாருங்கள்.