90 நாள் வட்டி இல்லை, 91-ஆம் நாள்?

கேள்வி: ஒரு கிரெடிட் கார்டில் எனக்கு 80,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. மாதம் மூன்றரை சதவீதம் வட்டி. என்னிடம் இருக்கும் இன்னொரு வங்கிக் கார்டுக்கு இதை மாற்றினால் 90 நாளைக்கு வட்டி கிடையாது, 2 சதவீதம் பிராசசிங் கட்டணம் மட்டும்தான் என்று போனில் சொல்கிறார்கள். சிப்காட்டில் வேலை, மாசக் கடைசியில் சம்பளம். மாதம் 15,000 கட்ட முடியும். மாற்றலாமா சார்?
– வாசகர், கடலூர்

பதில்: மாற்றலாம். ஆனால் உங்கள் கணக்குப்படி 90 நாளில் 45,000தான் அடையும். மீதிக்கு என்ன வழி என்பதை முடிவு செய்துகொண்டு போனில் சரி சொல்லுங்கள்.

முதலில் கட்டணம். 80,000-க்கு 2 சதவீதம் 1,600 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 288. ஆக 1,888 ரூபாய் முதல் பில்லிலேயே ஏறிவிடும். இப்போதைய கார்டில் ஒரு மாத வட்டி மட்டும் 2,800. வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை; சேர்த்தால் 3,304. அதாவது மூன்று மாதத்துக்கான கட்டணம் ஒரு மாத வட்டியைவிடக் குறைவு. பழைய கார்டிலேயே மாதம் 15,000 கட்டி வந்தால் மூன்று மாதம் கழித்து ஏறக்குறைய 43,400 பாக்கி நிற்கும். மாற்றினால் 36,888. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம். லாபம்தான்.

இனி தேதி. இங்கேதான் ஆட்கள் இடறுகிறார்கள். 90 நாள் என்பது பொதுவாகப் பணம் மாறிய நாளிலிருந்து ஓடும், மூன்று பில் என்று அர்த்தமில்லை. செப்டம்பர் 5-ஆம் தேதி மாற்றுகிறீர்கள், பில் 20-ஆம் தேதி வரும், கட்ட 20 நாள் அவகாசம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது பில் நவம்பர் 20-இல் வரும். கடைசி நாள் டிசம்பர் 10. சலுகையோ டிசம்பர் 4-ஆம் தேதியே முடிந்துவிடும். பில்லைப் பார்த்து 10-ஆம் தேதி கட்டுகிறவருக்கு ஆறு நாள் வட்டி விழுந்திருக்கும். நீங்கள் நவம்பர் 30 சம்பளம் வந்ததும் கட்டிவிட்டால் தப்பலாம்.

சலுகை முடிந்ததும் முன்தேதியிட்டு வட்டி போட மாட்டார்கள். அன்றைக்கு நிற்கும் பாக்கிக்கு அந்தக் கார்டின் வழக்கமான வட்டி ஆரம்பிக்கும். அது 3.75 சதவீதம் என்றால், உங்கள் 36,888-க்கு ஜிஎஸ்டியோடு மாதம் சுமார் 1,630 ரூபாய். பில்லில் போட்டிருக்கிற குறைந்தபட்சத் தொகை, அதாவது ஐந்து சதவீதம் மட்டும் கட்டி வந்தவருக்கு இன்னும் மோசம். 90 நாள் கழித்தும் 70,000-க்கு மேல் நிற்கும், மாதம் 3,100 ரூபாய் வட்டியில் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவார்.

அதனால் நவம்பர் கடைசியிலேயே அந்த மீதியைக் கார்டை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடன் நல்ல வழி. ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால்கூட 37,000-க்கு மாதம் 310 ரூபாய்க்குள் வட்டி. மூன்று மாதச் சம்பளத்தில் மீட்டுவிடலாம். நகை இல்லையென்றால் மீதியை இஎம்ஐயாக மாற்றக் கேளுங்கள், ஆனால் அதற்கும் தனிக் கட்டணம் இருக்கும்.

இடையில் ஒரு தவணை தவறினால் பல வங்கிகள் சலுகையையே ரத்து செய்துவிடும். அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்கவும் வேண்டாம். பாக்கி நிற்கும்போது புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடைக்காமல் போகலாம். பெட்ரோலைக் காசு கொடுத்தே போடுங்கள்.

பழைய கார்டையும் மறந்துவிடாதீர்கள். பணம் போய்ச் சேரச் சில நாள் ஆகும். அதற்குள் கடைசித் தேதி வந்தால் குறைந்தபட்சத் தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டும். அடுத்த பில்லில் விட்டுப்போன நாட்களின் வட்டி சில நூறு ரூபாய் வரும், அதையும் கட்டி முடியுங்கள். புதுச்சேரியில் என்னிடம் வந்த ஒருவர் இதே போலக் கடனை மாற்றினார். பழைய கார்டில் லிமிட் முழுசாகத் திரும்பியதைப் பார்த்ததும் தீபாவளிக்கு டிவி வாங்கிவிட்டார். பொங்கலுக்கு என்னிடம் வந்தபோது இரண்டு கார்டிலும் கடன் இருந்தது. முடிந்தால் பாக்கி பூஜ்யமானதும் அந்தக் கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

போனில் பேசுகிறவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: சலுகை எந்தத் தேதியோடு முடிகிறது, அதற்குப் பிறகு வட்டி எவ்வளவு. பதில் மெயிலில் வரட்டும், வந்த பிறகு மாற்றுங்கள்.