பேட்டரி சதவீதம் தாவுகிறது: தவறு செல்லிலா, கணக்கிலா?

"விண்டோஸ் லேப்டாப்பில் 40% காட்டும்போதே சட்டென்று 6%-க்கு இறங்கி அணைந்துவிடுகிறது. காலிபரேஷன் செய்தால் சரியாகுமா?"

முதலில் கமாண்ட் பிராம்ப்டில் இதைத் தட்டுங்கள்:

```
powercfg /batteryreport
```

அது சேமிக்கும் கோப்பை பிரவுசரில் திறந்து, DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY இரண்டையும் பாருங்கள். முதலாவது 50,000 mWh, இரண்டாவது 41,000 என்றால் 82% கொள்ளளவு மிச்சமிருக்கிறது. இந்த நிலையில் எண் தாவினால், எனக்குச் சந்தேகம் பேட்டரிக்குள் இருக்கும் அளவுமானிமேல்தான். எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்பில் அதன் கணக்கு மெல்ல விலகிவிடும். அதைத் திருத்துவதுதான் காலிபரேஷன். 100% வரை ஏற்றி, இரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள். அப்புறம் சார்ஜரைக் கழற்றி, தானாக ஹைபர்னேட் ஆகும்வரை ஓடவிட்டு, மறுபடி இடையில் நிறுத்தாமல் முழுதாக ஏற்றுங்கள். ஒருமுறை போதும், அடிக்கடி செய்தால் பேட்டரிதான் தேயும்.

இரண்டாவது எண் 22,000 என்றால் கதை வேறு. காலிபரேஷன் கணக்கைத்தான் திருத்தும், தேய்ந்த செல்லை அல்ல. வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலையில் மட்டும் அணைகிறதா? பெரும்பாலும் செல்லின் உள்மின்தடை கூடி, மின்னழுத்தம் சரிகிறது. பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். அடிப்பகுதி உப்பியிருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், சார்ஜ் போடுவதையே நிறுத்திவிடுங்கள்.